சனிக்கிழமை நாட்டிய வீடியோ: ஒரிஜினல் கோப்பு வேண்டும்

வணக்கம். நிகழ்ச்சியை போனில் எடுத்தவர்கள் வீடியோவை இங்கே சாதாரணமாகப் போடாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். சாதாரணமாகப் போட்டால் சுருங்கிவிடும், முகபாவம் மங்கிவிடும். தொடக்கத்தையும் முடிவையும் வெட்ட வேண்டாம்.

எல்லா வீடியோவையும் ஒன்றாகச் சேர்க்கிறேன்; எல்லாப் படத்துக்கும் முன்வரிசை போனின் ஒலியை மட்டும்தான் வைப்பேன். பால்கனியில் கைதட்டலும் பேச்சும்தான் அதிகம். ஆனாலும் அந்த ஒலியையும் அழிக்காதீர்கள், அதை வைத்துத்தான் படங்களைப் பொருத்துகிறேன்.

அதிலும் ஒரு சிக்கல். பால்கனி, முன்வரிசையை விட 20 மீட்டர் பின்னால். ஒலி அங்கே போய்ச் சேர சுமார் 0.06 விநாடி கூடுதலாகும். ஒலியோடு ஒலி பொருத்தினால் பால்கனிப் படம் அந்த அளவு முந்திவிடும்: பாதம் தரையைத் தொட்ட பிறகுதான் சலங்கை கேட்கும். ஜதியில் இது பளிச்சென்று தெரியும். அதனால் அந்தப் படத்தை மட்டும் இரண்டு பிரேம் (விநாடிக்கு 30 கணக்கில்) பின்னே தள்ளுவேன்.

அப்புறம், தில்லானா முடிவில் மறுபடி சரிபார்ப்பேன். சில போன்களில் பிரேம் வேகம் சீராக இருக்காது. தொடக்கத்தில் பொருந்தியது அரை மணி நேரத்தில் விலகிவிடும். அப்படியானால் பாட்டுக்குப் பாட்டு தனியாகப் பொருத்த வேண்டும். புதன் இரவுக்குள் அனுப்பிவிடுங்கள்.