சீட்டில் −2.00, கவரில் −1.00: நம் கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பத்து நாளாக நம் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு படங்கள் சுற்றிவருகின்றன. ஒன்று டாக்டர் எழுதிய சீட்டு, இன்னொன்று நாங்கள் கண்ணாடியோடு கொடுத்த லென்ஸ் கவர். சீட்டில் வலது கண்ணுக்கு −2.00 என்று இருக்கிறது, கவரில் −1.00 என்று இருக்கிறது. "பாதி பவரைப் போட்டு முழுக் காசு வாங்கிவிட்டார்கள்" என்று கீழே எழுதியிருக்கிறார்கள். காசைப் பற்றிய அந்த வார்த்தைதான் எனக்கு மிகவும் வலித்தது. அதனால் அந்தச் சீட்டையே எடுத்து விளக்குகிறேன்.

சீட்டில் ஆர்.இ. அல்லது ஓ.டி. என்றிருப்பது வலது கண், எல்.இ. அல்லது ஓ.எஸ். என்றிருப்பது இடது கண். ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று எண்கள் உண்டு. ஸ்பியர் என்பது லென்ஸ் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் பவர். சிலிண்டர் என்பது ஒரு திசையில் மட்டும் கூடுதலாகச் சேரும் பவர். அந்தத் திசை எது என்று கண்டுபிடிக்க உதவுவதுதான் ஆக்சிஸ். அது 1 முதல் 180 வரை ஒரு கோணம். ஆக்சிஸ் கோட்டின் வழியே சிலிண்டருக்குப் பவர் கிடையாது, அதற்குக் குறுக்கே முழுப் பவரும் இருக்கும். இதை மட்டும் மனதில் வையுங்கள்.

அந்தச் சீட்டில் வலது கண்ணுக்கு இருந்தது: −2.00 / +1.00 × 180. படுக்கைக் கோடான 180-இல் சிலிண்டர் சேராது, ஆகவே அங்கே பவர் −2.00. நிற்கும் கோடான 90-இல் +1.00 சேர்வதால் அங்கே −1.00.

எங்கள் கவரில் இருந்தது: −1.00 / −1.00 × 90. இங்கே 90-இல் சிலிண்டர் சேராது, பவர் −1.00. 180-இல் இன்னொரு −1.00 சேர்ந்து −2.00. இரண்டும் ஒரே லென்ஸ்தான். சில டாக்டர்கள் சிலிண்டரைப் பிளஸ்ஸில் எழுதுகிறார்கள், எங்களுக்கு லென்ஸ் வரும் கவரில் மைனஸில் அச்சாகிறது. மாற்றும் முறை இதுதான்: ஸ்பியரையும் சிலிண்டரையும் கூட்டினால் புது ஸ்பியர் வரும். சிலிண்டரின் எண் அப்படியே இருக்க, குறி மட்டும் மாறும். ஆக்சிஸ் 90 தள்ளிப்போகும்: 90 வரை இருந்தால் 90-ஐக் கூட்டுங்கள், 90-க்கு மேல் இருந்தால் 90-ஐக் கழியுங்கள். வீட்டில் யாரும் ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம். கூட்டிப் பார்த்து ஒத்துவரவில்லை என்றால் தப்பு எங்களுடையது, உடனே கொண்டுவாருங்கள்.

பதினோரு வருடம் கவுண்டரில் இருந்த எங்கள் தம்பி, கவரின் பின்பக்கம் இரண்டு விதத்திலும் எழுதி, வாயால் சொல்லியும் கொடுப்பார். சித்திரையில் அவர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அதன் பிறகு நாங்கள் அதைச் செய்யாமல் விட்டது உண்மை. வருந்துகிறேன்.

அதே சீட்டில் நாங்கள் நிஜமாகவே பயந்த இடம் ஒன்று உண்டு, அதை யாரும் படம் எடுத்துப் போடவில்லை. இடது கண்ணுக்கு −1.75 / +0.50 × 10 என்று எழுதி, பத்துக்குப் பக்கத்தில் டாக்டர் ஒரு சின்ன டிகிரி வட்டம் போட்டிருந்தார். போனில் வந்த படத்தில் அது 100 போலவே தெரிந்தது. 100 என்று வெட்டியிருந்தால் சிலிண்டர் சரியாகக் குறுக்கே திரும்பியிருக்கும். கண்ணில் அரையாக இருந்த சிலிண்டர் குறை, கண்ணாடி போட்டதும் ஒன்றாக ஆகியிருக்கும். எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும், தரை சாய்ந்தது போல இருக்கும், சாயங்காலம் தலைவலிக்கும். அதனால் டாக்டரின் கிளினிக்கிற்குப் போன் செய்து, பத்துதான் என்று கேட்டுக்கொண்ட பிறகே லென்ஸ் வெட்டினோம். கவரில் −1.25 / −0.50 × 100 என்று நீங்கள் பார்த்தது அந்தப் பத்திலிருந்து மாற்றி வந்த நூறு.

இனி கண்ணாடி வாங்கும்போது, லென்ஸோமீட்டரில் வைத்து உங்கள் கண் முன்னாலேயே பவரைப் படித்து, இரண்டு வரியாக எழுதித் தருகிறோம். போனில் வரும் படத்தை வைத்து இனி ஆர்டர் எடுப்பதில்லை, சிலிண்டர் லென்ஸுக்கு இரண்டு நாள் கூடுதலாகும்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் குழுவில் சண்டை போடாமல் நேரே கடைக்கு வந்து "என்னப்பா இது?" என்று கேட்ட பழைய வாடிக்கையாளர்களுக்கு மனமார்ந்த நன்றி. தாத்தாவுக்கும் பேரனுக்கும் இங்கேயே கண்ணாடி வாங்கிய குடும்பங்கள் நீங்கள். உங்களிடம் இருக்கும் கவரில் ஒரே வரிதான் இருக்கிறது என்றால், சீட்டோடு எடுத்து வாருங்கள். இரண்டாவது வரியை எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்