‘ஆராய்க’ என்று கேட்டால் கதை சொல்லும் பிள்ளைகள்

கன்னியாகுமரி மாவட்டத்து மேல்நிலை வரலாற்று ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ திருப்புதல் தேர்வுக்கு வினாத்தாள் எடுக்கும் நேரம் இது. அதற்கு முன் ஒரு பீரியடை ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். புதுப் பாடம் எதுவும் வேண்டாம். வினாவின் கடைசியில் ‘விவரி’, ‘ஆராய்க’, ‘ஒப்பிடுக’ என்று நிற்கிற ஏவல் சொல்லைப் படித்து, அதற்கேற்றபடி ஐந்து மதிப்பெண் விடையைக் கட்டுவதற்கு மட்டும் அந்த ஒரு பீரியட்.

நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக்கொடுக்க, நம் ஊர் வரலாற்றையே எடுத்துக்கொள்ளலாம். தெற்குத் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் 1956 நவம்பர் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்த செய்தி இங்கே பலருக்கு வீட்டிலேயே தெரியும். மார்ஷல் நேசமணி பெயர் தெரியும். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச்சூடு தெரியும். சிக்கல் அங்கேதான். வினா எப்படிக் கேட்டாலும் இதே கதையை இதே வரிசையில் எழுதி வைக்கிறார்கள். பக்கம் நிறைந்துவிடும், கேட்டதற்கான விடை மட்டும் இருக்காது.

‘இணைப்பு வரலாற்றை விவரி’ என்று கேட்டால் அந்தக் கதை சரிதான். காலவரிசை போதும். 1945இல் நாகர்கோவிலில் தமிழர் அரசியல் அமைப்பு உருவானது, அது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸாக வளர்ந்தது, 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றானது, 1953இல் பசல் அலி தலைமையில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைந்தது, 1954 போராட்டம், 1955இல் ஆணையத்தின் அறிக்கை, 1956இல் இணைப்பு. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒன்றிரண்டு வரி. ஆண்டுகளை இடம் மாற்றிப் போடாமல் இருந்தால் போதும்.

‘இணைப்புக்கான காரணங்களை ஆராய்க’ என்று கேட்டால் மேலே உள்ள வரிசை உதவாது. இங்கே ஆண்டு பின்னால் போய், காரணம் முன்னால் வர வேண்டும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மை என்பது முதல் காரணம். மக்களை ஒன்றுதிரட்டிய அமைப்பு இருந்தது இரண்டாவது. 1953இல் ஆந்திரம் பிரிந்த பிறகு மொழிவழி மாநிலம் என்ற கோரிக்கையை நாடு முழுவதும் தட்டிக்கழிக்க முடியாமல் போனது மூன்றாவது. நன்றாகப் படிக்கிற பிள்ளை இதுவரை வந்துவிடும். ஆனால் இதுவும் காரணங்களின் பட்டியல்தான். ‘காரணங்களைக் கூறுக’ என்றால் முழு மதிப்பெண் பெறலாம். ‘ஆராய்க’ என்றால் இன்னும் ஒரு படி மிச்சம் இருக்கிறது.

அந்தப் படியைப் பிள்ளைக்குக் காட்ட ஒரு கேள்வி போதும்: “இதே காரணம் வேறு எங்காவது இருந்தும், முடிவு வேறாகப் போனதா?” தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் சொல்லுங்கள். அங்கேயும் தமிழர் நிறையப் பேர் இருந்தார்கள், அவற்றையும் இணைக்கச் சொல்லித்தான் இங்குள்ளவர்கள் போராடினார்கள். ஆனால் அங்கே தமிழர் எண்ணிக்கைக்குத் தோட்டத் தொழிலுக்காகக் குடிபெயர்ந்து வந்தவர்களும் காரணம் என்பதையும், அந்தப் பகுதியின் பொருளாதார முக்கியத்துவத்தையும் ஆணையம் கணக்கில் எடுத்தது. அவை கேரளத்தோடு போயின. ஆக, மொழிப் பெரும்பான்மை அவசியம், ஆனால் அது மட்டும் போதவில்லை. இந்த இரண்டு வரியை எழுதிவிட்டால் அந்த விடை ஆராய்ச்சியாகிவிடும். மதிப்பிடும் பேனா நிற்கிற இடமும் அதுதான்.

‘ஒப்பிடுக’வைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தோவாளையைப் பற்றி ஒரு பத்தி, தேவிகுளத்தைப் பற்றி ஒரு பத்தி என்று எழுதுவது ஒப்பீடு ஆகாது. மக்கள்தொகை, அமைவிடம், முடிவு என்று ஒவ்வோர் அடிப்படையிலும் இரண்டையும் ஒரே வரியில் கொண்டுவர வேண்டும். கட்டம் போட்டு எழுதினால் இது தானாகவே வந்துவிடும்.

இனி விடையின் அமைப்பு. தமிழ்த் தாளில் கட்டுரைக்குப் பழகிய முன்னுரை, பொருளுரை, முடிவுரையை வரலாற்றுத் தாளுக்கும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். “பழம்பெருமை வாய்ந்த நம் பாரத நாட்டில்” என்று தொடங்கும் நான்கு வரிக்கு விடைக்குறிப்பில் இடமே கிடையாது. முதல் வரியிலேயே வினாவுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள். “மொழிப் பெரும்பான்மை, அமைப்பு ரீதியான போராட்டம், மொழிவழி மாநிலங்களை நோக்கிய தேசியச் சூழல் மூன்றும் சேர்ந்ததால் இணைப்பு நடந்தது, மொழி மட்டும் போதவில்லை என்பதற்குத் தேவிகுளம் சான்று.” இப்படித் தொடங்கினால், நேரம் போதாமல் பாதியில் நிறுத்தினாலும் விடையின் எலும்புக்கூடு தாளில் இருக்கும்.

பக்கத்தலைப்புகளையும் கவனியுங்கள். ‘விவரி’ என்ற வினாவுக்கு ‘1954 போராட்டம்’ என்ற தலைப்பு பொருந்தும். ‘ஆராய்க’ என்பதற்குத் தலைப்பே ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும்: ‘ஆந்திரம் பிரிந்தது வழி திறந்தது’. தலைப்புகளை மட்டும் வாசித்தாலே வாதம் புரிகிறதா என்று பார்த்தால், விடை எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்துவிடும்.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 90 மதிப்பெண்ணுக்கு மூன்று மணி நேரம், அதாவது மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம். ஐந்து மதிப்பெண் விடைக்குப் பத்து நிமிடம். ஏழு விடைக்கு எழுபது. அந்தப் பத்தில் முதல் ஒன்றரை நிமிடம் எழுதவே கூடாது. ஏவல் சொல்லை வட்டமிடவும், ஓரத்தில் பென்சிலால் மூன்று குறிப்புகள் போடவும் அது. பிள்ளைகள் இதை வீண் என்று நினைப்பார்கள், அடுத்தவன் எழுதத் தொடங்கிவிட்டானே என்று கை பரபரக்கும். வகுப்பில் இரண்டு முறை கடிகாரம் வைத்துப் பழக்கினால்தான் அந்தப் பயம் போகும். ‘அல்லது’ போட்டு வருகிற வினாக்களில் எதை எழுதுவது என்பதை வினாத்தாள் வாசிக்கத் தரும் பத்து நிமிடத்திலேயே முடிவு செய்துவிடலாம். பிடித்த பாடம் எது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏவல் சொல்லுக்குத் தன்னிடம் சரக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நேசமணியைப் பற்றி எல்லாம் தெரிந்த பிள்ளை ‘ஆராய்க’வில் தடுமாறும், அரைகுறையாகத் தெரிந்த வேறு பாடத்தில் ‘விவரி’ கேட்டிருந்தால் அதுவே கூடுதல் மதிப்பெண் தரலாம்.

ஒன்றை மிகைப்படுத்த வேண்டாம். ‘விளக்குக’, ‘விவரி’, ‘எடுத்துரைக்க’ மூன்றுக்கும் நுட்ப வேறுபாடு கற்பித்துப் பிள்ளைகளைக் குழப்ப வேண்டியதில்லை. பாடநூலின் பயிற்சி வினாக்களிலேயே இவை மாறிமாறித்தான் வருகின்றன. நடந்ததைச் சொல்லக் கேட்கிறதா, காரணத்தைச் சொல்லக் கேட்கிறதா, எடைபோடக் கேட்கிறதா என்ற மூன்றைப் பிரிக்கத் தெரிந்தால் போதும். ‘எவ்வாறு’, ‘ஏன்’, ‘எந்த அளவுக்கு’ என்று முடியும் வினாக்களையும் இந்த மூன்றில் ஒன்றில் அடக்கிவிடலாம். அப்புறம், பாடமே படிக்காத பிள்ளையை இந்த உத்தி காப்பாற்றாது.

திருப்புதல் தேர்வில் நான் கேட்பது இதுதான். ஏதாவது ஒரு பாடத்திலிருந்து இரண்டு ஐந்து மதிப்பெண் வினாக்கள் தாருங்கள், ஒன்று ‘விவரி’, மற்றொன்று ‘ஆராய்க’. இரண்டும் கட்டாய வினாக்களாக இருக்கட்டும், இடையில் ‘அல்லது’ வேண்டாம். தாள் திருத்தியதும் மதிப்பெண் சொல்வதற்கு முன், வினா எண்ணை மறைத்து, இரண்டு விடைகளையும் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். எது எந்த வினாவுக்கான விடை என்று அது சொல்லட்டும். சொல்ல முடியாத தாள்களைத் தனியே எடுத்து வையுங்கள். மறுநாள் அந்தப் பிள்ளைகள் முழு விடையையும் திரும்ப எழுத வேண்டாம், முதல் வரியையும் பக்கத்தலைப்புகளையும் மட்டும் மாற்றி எழுதினால் போதும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
தக்கலை