QI-ஐப் பலகையிலிருந்து எடுக்கும் முன்: ஸ்க்ரபிள் நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பாடசாலைகளுக்கிடையிலான ஸ்க்ரபிள் போட்டிகளை நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

கடைசியாக நடந்த போட்டியில் QI என்ற சொல் பலகையிலிருந்து எடுக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். எதிரே இருந்த பிள்ளை ஆட்சேபித்தது. அது அந்தப் பிள்ளையின் உரிமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடுவர் மேசையில் இருந்ததோ ஒரு மாணவர் ஆங்கில அகராதி. அதில் சொல் இல்லை என்றதும், "இதுக்குக் கருத்துச் சொல்லுங்க பார்ப்பம்" என்று விளையாடிய பிள்ளையிடம் கேட்கப்பட்டது. பிள்ளை தடுமாறியது, கட்டைகள் திரும்பின. ஸ்க்ரபிளில் கருத்துக் கேட்பதற்கு நடுவருக்கு இடமே இல்லை. சொல் போட்டிக்குரிய பட்டியலில் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. QI அந்தப் பட்டியலில் இருக்கிறது.

அந்தத் தீர்ப்பு பிள்ளையிடமிருந்து எதைப் பறித்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

அதன் ராக்கில் A, I, I, O, Q, T, V என்ற ஏழு கட்டைகள் இருந்தன. இதைவிட மோசமாகக் கட்டைகள் சேர்வது அரிது. V-ஐ வைத்து இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. Q-வுக்குத் துணையாக U இல்லை. மொத்தம் 100 கட்டைகளில் U நான்குதான், அவை எப்போது வரும், யாரிடம் போகும் என்று எவருக்கும் தெரியாது. Q-வை வைத்துக்கொண்டு U-வுக்காகக் காத்திருப்பதுதான் நம் பிள்ளைகள் செய்யும் பெரும் பிழை. காத்திருக்கும் ஒவ்வொரு முறையும் ஏழு கட்டைகளுக்குப் பதில் ஆறைக் கொண்டே விளையாட வேண்டியிருக்கிறது.

இந்தப் பிள்ளை காத்திருக்கவில்லை. பலகையைப் பார்த்தது. நடுக்கட்டத்துக்கு ஒரு வரி மேலே தொடங்கி STONE மேலிருந்து கீழாக நின்றது. அதன் S-க்கு முன்னால் RAIN வைக்கப்பட்டு, குறுக்கே RAINS ஆகியிருந்தது. அந்த RAINS-இன் I-க்கு நேர் மேலே இருந்த வெற்றுக் கட்டம், எழுத்தின் மதிப்பை மும்மடங்காக்கும் கட்டம். பிள்ளை அதில் Q-வையும், அதற்கு வலப்பக்கத்தில் N-க்கு மேலே I-யையும் வைத்தது. குறுக்கே QI, Q மும்மடங்கில் 30, I ஒன்று, ஆக 31. மேலிருந்து கீழாகவும் QI, இன்னொரு 31. I-யும் கீழிருந்த N-உம் சேர்ந்து IN, அதற்கு 2. இரண்டே கட்டைகளில் 64 புள்ளி! புதிதாக உண்டான மூன்று சொற்களும் சரியானவை. கீழே இருந்த I-க்கு அடுத்த கட்டம் காலியாக இருந்ததால்தான் நெடுக்கில் QI நின்றது என்பதையும் பிள்ளை கவனித்தே வைத்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு பயிற்சி வேண்டும்.

அந்த 64 அழிக்கப்பட்டது. முறையும் பறிபோனது. Q மீண்டும் ராக்கில் வந்து உட்கார்ந்தது. QI செல்லாது என்று சொல்லிவிட்ட பிறகு அதை வேறெங்கும் வைக்கப் பிள்ளை துணியவில்லை. எதிராளி கட்டைகளை முடித்தபோது Q கையிலேயே இருந்தது. இங்கு பின்பற்றும் விதிப்படி பிள்ளையின் கணக்கில் 10 கழிந்து, எதிராளிக்கு 10 கூடியது. ஒரு தவறான தீர்ப்பால் 84 புள்ளி வித்தியாசம். இதைச் சின்ன விடயம் என்று சொல்பவர்களிடம் எங்களால் உடன்பட முடியவில்லை.

எனவே எங்கள் கோரிக்கை இதுதான். எந்தச் சொல்பட்டியலை வைத்துத் தீர்ப்பு என்று அழைப்புக் கடிதத்திலேயே அறிவியுங்கள். அது காலின்ஸ் ஸ்க்ரபிள் சொல்பட்டியலாக இருக்கட்டும். வட அமெரிக்காவுக்கு வெளியே நடக்கும் பெரும்பாலான போட்டிகளில் அதுதான் வழக்கு. அதன் இப்போதைய பதிப்பு 2024இல் வந்தது.

கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தோம் என்ற பதிலும் எங்களுக்குப் போதவில்லை. வட அமெரிக்கப் பட்டியலில் இயங்கும் செயலி ZO-வைச் செல்லாது என்று சொல்லும், காலின்ஸில் அது செல்லும். ZA இரண்டிலும் செல்லும். Z-ஐ மும்மடங்குக் கட்டத்தில் வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் ZA அல்லது ZO அமைத்தால் அந்த இரு சொற்களுக்கே 62 புள்ளி கிடைக்கும். ஒரே ஆட்டம் ஒரு நடுவரிடம் 62, இன்னொருவரிடம் சுழியம் என்றால் பிள்ளை எதைப் படித்துக்கொண்டு வருவது?

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. U இல்லாத Q சொற்களை அந்நியமானவை, யாரும் பேசாதவை என்று ஒதுக்குகிறார்கள். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் பிள்ளைகள் அன்றாடம் கேட்டு வளரும் சொற்கள் அந்தப் பட்டியலில் நிறைந்து கிடக்கின்றன. QIBLA, WAQF, NIQAB, FAQIR, TALAQ, QADI எல்லாம் காலின்ஸில் செல்லும். WAQF எந்தச் சிறப்புக் கட்டமும் இல்லாமலே 19 புள்ளி. கிப்லாவும் வக்பும் காதியும் தெரியாத வீடு அந்த ஊர்களில் உண்டா? ஆங்கிலம் வராது என்று தயங்கும் பிள்ளைக்கு இந்த ஆட்டத்தில் கையோடு வந்த பலம் அது. எழுத்துக்கூட்டலை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். அதையும் மாணவர் அகராதியைக் காட்டித் தட்டிவிடுவது நியாயமா? நம் பகுதிப் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்புகள் ஏற்கெனவே குறைவு. அதற்கு மேல் விதி தெரியாத மேசையும் சேர்ந்தால் அவர்கள் எங்கே போவார்கள்?

கோபம் வார்த்தையில் ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சம்பளமில்லாமல், விடுமுறை நாளில் வந்து நிற்பவர்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை.

நாங்கள் கேட்பது செலவில்லாத காரியங்கள். போட்டிக்கு ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு தாள் அனுப்புங்கள். ஒரு பக்கத்தில் இரண்டெழுத்துச் சொற்கள், மறுபக்கத்தில் U இல்லாத Q சொற்கள். Q-வுக்கு இரண்டெழுத்தில் QI மட்டுமே உண்டு, QA செல்லாது என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள், ஏனென்றால் அவசரத்தில் பிள்ளைகள் அதைத்தான் வைப்பார்கள். I இல்லாதவருக்கு QAT, பலகையில் S அல்லது U இருந்தால் QIS, SUQ. இவை ஒன்றும் பொருந்தாவிட்டால் கட்டைகளை மாற்றலாம், ஆனால் பையில் ஏழு கட்டைகளாவது இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும் என்ற வரியும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

நடுவர் மேசையில் காலின்ஸ் பட்டியல் ஏற்றிய ஒரு மடிகணினி வையுங்கள். ஆட்சேபம் வந்தால், அந்த முறையில் உண்டான சொற்களில் ஆட்சேபிக்கப்பட்டவற்றைத் தட்டச்சிட்டு, ஆட்டம் செல்லும் அல்லது செல்லாது என்று மட்டும் சொல்லுங்கள். கருத்துக் கேட்க வேண்டாம். எந்தப் பட்டியல் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தாருங்கள் என்று மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். அடுத்த சுற்றுக்கான அழைப்புக் கடிதத்தில் அந்த ஒரு வரி இருந்தால், எங்கள் பிள்ளைகள் அன்றே படிக்கத் தொடங்குவார்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைகளில் ஸ்க்ரபிள் பழக்குபவர்கள்