பாண்ட் பத்திரத்தை மாற்றி எழுதுங்கள்: சலூன் உரிமையாளர் சங்கத்துக்கு ஒரு மடல்

சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

பயிற்சிக்கு அனுப்பும் ஸ்டைலிஸ்ட்டிடம் வாங்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய மாதிரிப் பத்திரத்தைப் படித்தேன். இரண்டு வருடம் வேலை பார்க்க வேண்டும், விலகினால் ஒரு லட்சம் கட்ட வேண்டும், விலகியபின் ஐந்து கிலோமீட்டருக்குள் வேறு சலூனில் சேரக்கூடாது, அசல் சான்றிதழ் நம்மிடம் இருக்க வேண்டும் என்கிறது. நானும் சலூன் நடத்துபவன்தான். ஆள் போனால் அவரையே கேட்டு வரும் கஸ்டமரும் கூடவே போகிற வலி தெரியும். ஆனாலும் இதில் நான் கையெழுத்து வாங்கப் போவதில்லை.

ஐந்து கிலோமீட்டர் விதி 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின் முன் நிற்காது. வேலையை விட்டவர் வேறு இடத்தில் பிழைப்பதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஒரு லட்சமும் அப்படியே கிடைத்துவிடாது. 74-ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். 2025-இல் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு லட்ச ரூபாய் பாண்டை ஏற்றது உண்மை. ஆனால் அரசு வங்கி புதிதாக ஆள் எடுக்க ஆகும் செலவையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது. கலர் கம்பெனி இலவசமாக நடத்தும் இரண்டு நாள் வகுப்புக்கு நாம் எந்தச் செலவைக் காட்டுவது?

உண்மையில் காசு போட்டால் மட்டும் பாண்ட் எழுதுவோம். பாலயாஜ் வகுப்புக்குக் கட்டணம் 40,000, போக வர, தங்க 5,000, அந்த நாட்களின் சம்பளம் 3,000 என்று வையுங்கள். மொத்தம் 48,000. ரசீதுகளைப் பத்திரத்தோடு இணைத்து, மாதம் 4,000 வீதம் பன்னிரண்டு மாதத்தில் கழியும் என்று எழுதலாம். ஏழு மாதம் முடிந்து போகிறவர் 20,000 கொடுத்தால் போதும். சான்றிதழ் அவரிடமே இருக்கட்டும்.

சரி, பதின்மூன்றாம் மாதம்? அதற்குத்தான் படிநிலை. வகுப்பு முடித்து வந்தவரை மறுபடி ஷாம்பு பேசினில் நிறுத்தினால் கற்றது மறந்துபோகும், ஆளும் போய்விடுவார். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு பேரையாவது மாடலாக, சலுகை விலையில், அவரிடம் அனுப்ப வேண்டும். அப்புறம், அவரையே கேட்டு வருபவர்கள் மூன்று மாதம் தொடர்ந்து பாதியைத் தாண்டினால் ஜூனியர் சீனியராகட்டும். அவர் வெட்டும் கட்டணம் 400-இலிருந்து 550 ஆகட்டும். உயர்வைக் கஸ்டமர் தருகிறார், நம் கல்லாவிலிருந்து போவதில்லை.

சம்பளம் 18,000 என்றால், அதன் மூன்று மடங்கான 54,000-க்கு மேல் செய்யும் பில்லில் பத்து சதவீதம் இன்சென்டிவ். மாதம் 90,000 செய்பவருக்கு 3,600 கூடுதல். பக்கத்துத் தெரு சலூன் மூவாயிரம் கூட்டித் தருகிறேன் என்று கூப்பிட்டால் அவர் யோசிப்பார். சொந்தக் கடை போடக் கிளம்புகிறவரை இது நிறுத்தாது, உங்கள் பாண்டும் நிறுத்தாது.

அடுத்த கூட்டத்தில் ஐந்து கிலோமீட்டர் விதியையும் சான்றிதழ் விதியையும் நீக்கி, மாதாமாதம் கழியும் கணக்கைச் சேர்த்துப் புதிய மாதிரி கொடுங்கள். வரைவு நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினர் ஒருவர்