கொஞ்சம் ஆறு, முகம்

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உன் அலுவலகத்தில் மாற்றலாகிப் போகிறவருக்குப் பிரிவு விருந்து. மைக்கை வாங்கி, "பேரு வெள்ளைச்சாமி, ஆனா லைட்டைப் போட்டாத்தான் ஆளே தெரிவாரு" என்று சொல்லியிருக்கிறாய். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், அப்புறம் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். "பேரை வச்சுத்தானேப்பா கிண்டல் பண்ணேன், அதுல என்ன தப்பு?" என்று என்னைக் கேட்டாய்.

பேரை வைத்து வாழ்நாள் முழுக்கக் கிண்டல் வாங்கியவன் நான். அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில் எனக்கு மூக்கு நுனியில் கோபம். எங்கள் செக்ஷனில் தங்கவேலு என்று ஒரு சீனியர் இருந்தார். நான் ஃபைலைத் தூக்கி மேஜையில் அடித்தால் அவர் தலை நிமிராமலே, "கொஞ்சம் ஆறு... முகம்" என்பார். நடுவில் ஒரு மூச்சு நிறுத்துவார் பார், அதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆறு என்றால் எண், ஆறு என்றால் நதி, ஆறு என்றால் தணிந்துகொள். சொல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை, பொருள் மட்டும் புரண்டுவிட்டது. இலக்கணத்தில் இதைச் செம்மொழிச் சிலேடை என்பார்கள்.

நான் சும்மா இருப்பேனா? மனுஷர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் டீ குடிக்கப் போய்விடுவார். மேலதிகாரி அவரைத் தேடி வந்தபோது, "சீட்ல தங்கவே மாட்டார் சார், பேரு மட்டும் தங்கவேலு" என்றேன். அவர் அப்பா தங்கம், வேலு என்று பிரித்து வைத்த பெயரை நான் தங்கவே என்று வேறு இடத்தில் வெட்டினேன். இது பிரிமொழிச் சிலேடை. டீக்கடையிலிருந்து திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் என் முதுகில் ஒரு தட்டு தட்டினார், அவ்வளவுதான். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

அதே அலுவலகத்தில் இன்னொருவர் எனக்கு வைத்த பெயர் தேங்காய்த் துருவி. என் முன்பற்கள் எப்படி என்று உனக்குத் தெரியும். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? அவருக்குப் பல் வரிசை முத்து மாதிரி. திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. பெயர் விளையாட்டு அப்படி இல்லை. பெயர் இல்லாத ஆள் கிடையாது, தமிழில் எந்தப் பெயரை எடுத்தாலும் வளைக்க ஓர் இடம் இருக்கும், ஆகவே இரண்டு பேரும் ஆடலாம். இன்னொன்றும் பார். எனக்கு ஆறு முகம் கிடையாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். பொய் என்று தெரிந்தே சொல்வதால் அது என்மேல் ஒட்டாது. பல் துருத்தியிருப்பது நிஜம். ராத்திரி வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தால் அது அங்கேயேதான் இருக்கும். எங்கள் கல்யாண ஆல்பத்தில் நான் ஒரு படத்தில்கூட வாய் திறந்து சிரிக்கவில்லை. உன் அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். காரணத்தை நான் அவளிடம் சொன்னதில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ பேரை வைத்துச் சொன்னாய், ஆனால் பேரைப் பற்றிச் சொல்லவில்லை. சிரிப்பு எங்கே வந்தது என்று பார். வெள்ளை என்ற சொல் இன்னொரு பொருளுக்குத் திரும்பியதால் வரவில்லை. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் அவர் தோலைக் கொண்டுபோய் நிறுத்தியதால் வந்தது. எனக்குத் தெரிந்து ஒரு சோதனை உண்டு. ஆளைப் பார்த்தே இராத ஒருவனிடம் அந்த வாக்கியத்தைச் சொல். "சீட்ல தங்கவே மாட்டார் தங்கவேலு" என்றால் அவனுக்கும் புரியும். உன் வாக்கியம் புரிய வேண்டுமானால் வெள்ளைச்சாமி கறுப்பு என்று முதலில் அவனுக்குச் சொல்ல வேண்டும். பெயர் அங்கே வெறும் சாக்கு. குண்டாக இருக்கும் சின்னப்பனையும் அழகு என்று பெயர் வைத்த பெண்ணையும் கிண்டல் செய்வதெல்லாம் இந்தக் கணக்குதான்.

சிலேடை என்றாலே சாது என்று நினைக்காதே. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடலில், கம்பர் "அடீ" போட்டு விடுகதை சொன்னதற்குப் பதிலாக "எட்டேகால் லட்சணமே" என்று ஒரு திட்டு வருமே, நினைவிருக்கிறதா? தமிழ் எண்ணில் எட்டுக்கு அ, காலுக்கு வ. சேர்த்தால் அவலட்சணம். அடுத்ததாக எமனேறும் பரியே, அதாவது எருமையே. அற்புதமான சாமர்த்தியம்தான், ஆனால் போய் விழுந்தது தோற்றத்தில். தமிழறிஞர் கி.வா.ஜ. கதை வேறு மாதிரி. அவர் பெயர் ஜகந்நாதன். ஒரு வீட்டில் பூரி பிடிக்குமா என்று கேட்டதற்கு, ஜகந்நாதனுக்குப் பூரி பிடிக்காமல் போகுமா என்றாராம். தன் பெயரையே எடுத்துக்கொண்டார், ஒடிசாவில் இருக்கும் பூரி ஜகந்நாதர் கோயிலை இலைக்கே வரவழைத்துவிட்டார்.

உன் ஆளுக்கும் வழி இருந்தது. மாதாந்திர அறிக்கை அவர்தான் தயாரிப்பார், அதில் ஒரு எண்கூடத் தப்பாது என்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய். "இனிமே இந்த ஆபீஸ்ல வெள்ளை அறிக்கை யார் குடுப்பா?" என்று கேட்டிருக்கலாம். ஆனால் இப்போது அதைப் போய்ச் சொல்லாதே. சின்ன வயதிலிருந்து அந்த வெள்ளையை வைத்தே அடி வாங்கியிருப்பார். நல்ல அர்த்தத்தில் சொன்னாலும் அவர் காதில் பழையதுதான் விழும்.

தொடக்கூடாத பெயர்களும் இருக்கின்றன. அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்துபோன வீட்டில், இதாவது தங்கட்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பு என்றோ, பிச்சை என்றோ பெயர் வைப்பார்கள். எமன்கூட அந்தப் பெயரைக் கேட்டால் வேண்டாம் என்று விட்டுவிடுவானாம். பெண்ணாகவே பிறக்கிறதே என்று வேண்டாம், போதும்பொண்ணு என்று வைத்த ஊர்களும் உண்டு. வேண்டாம் என்ற பெயரை வைத்து யாராவது சிலேடை சொல்லத் தொடங்கினால் நான் எழுந்து போய்விடுவேன். அப்புறம், நல்ல சிலேடையும் நாலாவது தடவை புளித்துவிடும். உனக்குக் கீழே வேலை பார்க்கிறவர் பெயரில் விளையாடாதே, அவர் திருப்பிச் சொல்ல முடியாது.

நாளைக்கே அவருக்கு ஒரு போன் போடு. "பேரை வச்சுச் சொன்னேன்" என்று ஆரம்பிக்காதே. நிறத்தைச் சொன்னது தப்பு என்று சொல்லி வைத்துவிடு, விளக்கம் வேண்டாம். நீட்டினால், கதிர் அறுக்க ஆரம்பிச்சுட்டான் என்று உன் பள்ளிக்கூடப் பையன்கள் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

உன் அம்மா காபி வைத்துவிட்டுப் போய் ரொம்ப நேரமாகிறது. "சில்லுன்னு போயிரும், குடிங்க" என்று சமையலறையிலிருந்து சத்தம் போடுகிறாள். புருஷன் பெயர் வாயில் வந்துவிடும் என்று ஆறிப்போகும் என்ற சொல்லை அவள் இன்றுவரை சொன்னதில்லை. மணி கேட்டால்கூட அஞ்சும் ஒண்ணும் என்பாள்.

அன்புடன்,
அப்பா