அந்தப் பொத்தானை எடுத்துவிடுங்கள்: வன்னிக்குக் கிளினிக் செயலி செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊர் நலன்புரிச் சங்கங்களின் நிர்வாகத்தினருக்கும், அவர்கள் திரட்டிய காசில் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து செயலி எழுதும் தம்பி, தங்கைகளுக்கும்,

வணக்கம். நீங்கள் அனுப்பிய சோதனைப் பதிப்பை மல்லாவியிலும் ஒட்டுசுட்டானிலும் கிளினிக்குக்குப் போய்வரும் சிலரோடு இருந்து பார்த்தேன். கிளினிக் கொப்பியைப் படம் எடுத்து வைப்பது, அடுத்த திகதியை நினைவூட்டுவது, சீனியின் அளவை எழுதி வைப்பது எல்லாம் நல்ல வேலை. கொப்பி மழையில் நனைந்து மருந்தின் பெயர் அழிந்துபோன ஆட்களுக்கு அதன் அருமை தெரியும். என் சண்டை ஒரேயொரு பொத்தானோடு. ‘இண்டைக்கு எத்தனை அலகு?’ என்ற பெயரில் இன்சுலின் ஊசியின் அளவைச் சொல்லும் அந்தப் பச்சைப் பொத்தானோடு.

அது இருக்கிறவரைக்கும் உங்கள் செயலி கொப்பி இல்லை. ஸ்டோர்களும் சட்டங்களும் செயலியை யார் எழுதினார், நல்ல மனதோடு எழுதினாரா என்று பார்ப்பதில்லை. அது என்ன சொல்கிறது, அதைக் கேட்டு ஒருவர் என்ன செய்வார் என்றுதான் பார்க்கின்றன. சீனி 180 என்று எழுதி வைத்தால் அது பதிவேடு. அதே 180ஐப் பார்த்து ‘இவ்வளவு ஊசி போடு’ என்றால் அது சிகிச்சை.

அப்பிள் இதை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது. அதன் பரிசீலனை விதிகளில் 1.4.2ஐ எடுத்துப் பாருங்கள். மருந்தின் அளவைக் கணிக்கும் செயலி மருந்து தயாரிக்கும் நிறுவனம், மருத்துவமனை, பல்கலைக்கழகம், சுகாதாரக் காப்புறுதி நிறுவனம், மருந்தகம் போன்ற ஓர் இடத்திலிருந்து வரவேண்டும். இல்லையென்றால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமோ வேறொரு நாட்டில் அதற்கு நிகரான அமைப்போ அனுமதித்திருக்க வேண்டும். ஊர்ச் சங்கம் அந்தப் பட்டியலில் இல்லை. கூகுள் பிளேயில் வழி வேறு. மருத்துவச் செயலியைத் தனியாளின் கணக்கில் போட முடியாது, நிறுவனக் கணக்கு வேண்டும். சுகாதாரச் செயலிகளுக்கான அறிவிப்புப் படிவத்தை நிரப்ப வேண்டும். ஒழுங்குபடுத்தப்பட்ட மருத்துவச் சாதனம் என்றால் அதற்கான அனுமதியைக் காட்ட ஆயத்தமாக இருக்க வேண்டும். சாதனம் இல்லையென்றால், இது நோயைக் கண்டறியவோ குணப்படுத்தவோ அல்ல என்று விவரணத்திலேயே எழுத வேண்டும். நீங்கள் அந்த வரியை எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழேயே ஊசி அளவு சொல்லும் பொத்தானின் படமும் இருக்கிறது. இரண்டில் ஒன்று பொய்.

உங்களில் ஒருவர் கேட்டார்: ‘அண்ணை, ஸ்டோரில இப்பிடி எத்தினையோ கிடக்கே?’ கிடக்கிறதுதான். 2015இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் இன்சுலின் அளவு கணிக்கும் 46 செயலிகளை எடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் 42 செயலிகள், உள்ளே இடும் இலக்கம் நம்பத்தக்கதா என்று சரிவரப் பார்க்கவில்லை. 31 செயலிகளில் பிழையான அளவைச் சொல்லும் அபாயம் இருந்தது. எல்லாமே ஸ்டோரில் இருந்து எடுத்தவைதான். ஸ்டோர் விட்டுவிட்டது என்பதை வைத்துக் கணக்குச் சரி என்று சொல்ல முடியாது.

அந்த ஆபத்து உங்கள் செயலியில் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன். இங்கே ஆஸ்பத்திரியிலும் வீட்டு மீற்றரிலும் சீனி டெசிலீற்றருக்கு மில்லிகிராமில் வரும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் லீற்றருக்கு மில்லிமோல். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக 18ஆல் பெருக்க வேண்டும் அல்லது வகுக்க வேண்டும். நீங்கள் எழுதிய சூத்திரம் நீங்கள் இருக்கும் நாட்டுக் கணக்கில் இருக்கிறது: இப்போதைய சீனியில் இருந்து இலக்கான 7ஐக் கழித்து, ஓர் அலகு இன்சுலின் 3 குறைக்கும் என்று வைத்து 3ஆல் வகுக்கிறது. ஒட்டுசுட்டானில் ஒருவரின் மீற்றர் 180 காட்டுகிறது. உண்மையில் அது 10 மில்லிமோல். 10இல் 7 போனால் 3, அதை 3ஆல் வகுத்தால் ஓர் அலகு. ஆனால் அவர் திரையில் கண்டபடி 180 என்று அடித்தார். 180இல் 7 போக 173, மூன்றில் ஒரு பங்கு 58 அலகுக்குக் கிட்ட. செயலி முகம் சுளிக்காமல் 58 என்று காட்டியது. நாங்கள் வெறும் சோதனைக்கு அடித்ததால் ஒன்றும் நடக்கவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. மகள் லண்டனில் இருந்து அனுப்பிய மீற்றரில் 9.2 வருகிறது. அது எங்கட கணக்கில் 166 அளவில். செயலியை எங்கட மில்லிகிராம் கணக்குக்கு மாற்றி வைத்திருந்தால் அது 9.2ஐ உயிராபத்தான தாழ்வு என்று எடுத்து, உடனே சீனித்தண்ணி குடி என்று சொல்லும்.

எல்லை வைத்தால் போதும் என்று நினைப்பீர்கள். வழக்கமான மீற்றர்கள் 20 முதல் 600 மில்லிகிராம் வரை, அல்லது 1.1 முதல் 33.3 மில்லிமோல் வரை காட்டும். ஆகவே 33.3க்கு மேலே வந்தால் மில்லிமோல் இல்லை, 20க்குக் கீழே வந்தால் மில்லிகிராம் இல்லை. இவ்வளவும் சரி. 20க்கும் 33.3க்கும் நடுவில் வருகிற இலக்கம்? 25 என்பது ஒரு கணக்கில் மயங்கி விழுகிற தாழ்வு, மற்றக் கணக்கில் 450, ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய உயர்வு. செயலி ஊகிக்கவே கூடாத இடம் அதுதான். ஆகவே அமைப்புப் பக்கத்தில் ஒருக்கால் கேட்டுவிட்டு மறந்துவிடாமல், ஒவ்வொரு பதிவோடும் மில்லிகிராமா மில்லிமோலா என்ற அலகையும் சேர்த்துச் சேமியுங்கள். பார்க்கிற டொக்டருக்கும் இலக்கத்துக்குப் பக்கத்தில் அலகு தெரியவேண்டும்.

அலகைத் திருத்தினாலும் பொத்தான் சரிவராது. உங்கள் சூத்திரம் உடனே வேலைசெய்து சீக்கிரம் முடிகிற இன்சுலினுக்கு எழுதப்பட்டது. இங்கே கிளினிக்கில் பலருக்குக் கொடுபடுவது காலையும் இரவும் போடுகிற 30/70 கலவை. அதில் 30 பங்குதான் விரைவாக வேலைசெய்வது, மற்ற 70 பங்கு மணிக்கணக்காக மெல்ல மெல்ல வேலைசெய்வது. இரவுச் சீனியைக் குறைக்க 4 அலகு கூட்டினால், அதில் 2.8 அலகு ஆள் நித்திரையாய்க் கிடக்கும்போதுதான் இறங்கும். விடியப்புறம் வியர்த்து, எழும்ப ஏலாமல் கிடக்கிற தாயை வயலுக்குப் போகிற நேரம்தான் பிள்ளைகள் காண்பார்கள். சூத்திரத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. கலவையைக் கூட்டிக் குறைப்பது நாட்கணக்கான பதிவைப் பார்த்து டொக்டர் செய்கிற வேலை. அந்தப் பதிவை ஒழுங்காக அவருடைய மேசைக்குக் கொண்டுபோவதுதான் உங்கள் செயலியின் பலம். அதைச் செய்தால் மருந்துக் கணிப்பு விதி உங்களைத் தொடவே தொடாது.

ஸ்டோர் தடுத்தால் ஏபிகே கோப்பை வட்ஸ்அப்பில் விடலாம் என்றும் ஒரு கதை காதில் விழுந்தது. ஸ்டோரின் விதி அங்கே வராதுதான். அதோடு பிழை திருத்திய புதுப் பதிப்பும் வராது. 58 சொல்கிற பதிப்பு புதுக்குடியிருப்பில் ஒருவரின் போனில் வருசக்கணக்காக இருக்கும், அதை மீளப்பெற உங்களிடம் வழி இருக்காது.

இனிக் கொப்பிப் படங்கள். ஒரு பக்கத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், வருத்தம், சிலவேளை மனநலக் கிளினிக்கின் முத்திரை. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவைச் சிறப்பு வகையாகவே வைத்திருக்கிறது. 2025 மார்ச்சில் தொடங்க இருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன என்பதைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் அடையாதீர்கள். இங்கே பட்டியலில் பெயர் ஏறுவதென்றால் சனத்துக்கு என்ன மாதிரி இருக்கும் என்று நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்றில்லை.

சோதனைப் பதிப்பு `READ_MEDIA_IMAGES` அனுமதியைக் கேட்கிறது. ஒரு பக்கத்தைப் படம் எடுக்க, போனில் கிடக்கிற கல்யாணப் படம் முழுக்க எதற்கு? படத்தேர்வியைப் பாவித்தால் ஆள் காட்டும் படம் மட்டும்தான் உள்ளே வரும். கூகுளும் அதைத்தான் கேட்கிறது. படங்கள் போனிலேயே இருக்கட்டும். மகனுக்கு அனுப்ப விரும்பினால் ஆச்சியே அனுப்பட்டும். ஐபோன் பதிப்பில் ஐகிளவுட்டில் சேமிக்கவும் நினைக்காதீர்கள், தனிப்பட்ட சுகாதாரத் தகவலை அங்கே வைக்க அப்பிளின் 5.1.3 விடாது.

இன்னொன்று உங்களுக்கே தெரியாமல் நடக்கிறது. யார் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று எண்ண ஓர் இலவசக் கருவியை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அதில் ஒரு நிகழ்வின் பெயர் `insulin_reminder_on`. அந்தப் பெயர் வெளியே போன கணமே இன்னார் இன்சுலின் போடுகிறார் என்ற செய்தியும் போய்விட்டது. அமெரிக்காவில் குட்ஆர்எக்ஸ் நிறுவனம் இந்த மாதிரித் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குப் போகவிட்டதற்காக 2023இல் 15 இலட்சம் டொலர் தண்டம் கட்ட இணங்கியது. கூகுளின் தரவுப் பாதுகாப்புப் படிவத்தில் ‘தரவு எதுவும் பகிரவில்லை’ என்று குறி போட்டிருக்கிறீர்கள். அந்தப் படிவம் நீங்கள் எழுதிய வரிகளை மட்டுமில்லை, இப்படிக் கொண்டுவந்து சேர்த்த கருவிகளையும் சேர்த்துத்தான் கேட்கிறது. கருவியைக் கழற்றினால் குறி உண்மையாகும்.

சங்கத்துக்காரருக்கு ஒரு வார்த்தை. அளவு சொல்கிற செயலிதான் வேண்டும் என்று நீங்கள் நின்றால், அதன் உரிமையாளராக ஒரு மருத்துவமனையோ பல்கலைக்கழக மருத்துவ பீடமோ வரவேண்டும். அனுமதியும் சோதனையும் அவர்கள் பெயரில் நடக்கும், வருசங்கள் எடுக்கும், இப்போது சேர்த்த காசு காணாது. இதைத் தம்பி தங்கைகளின் தலையில் போடாதீர்கள்.

அடுத்த பதிப்பில் பொத்தானும் எண்ணும் கருவியும் இல்லாமல், அலகு ஒவ்வொரு வரியிலும் இருக்கும்படி அனுப்புங்கள். 25ஐ அடித்துப் பார்த்துத்தான் தொடங்குவேன்.

அன்புடன்,
கிளிநொச்சியில் இருந்து ஒரு மென்பொருள்காரன்