ஒரு வரிப் படத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்: விசாரணைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விசாரணைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நம் சங்க உறுப்பினர் ஒருவர் மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தினார் என்ற புகாருக்குச் சான்றாக உங்களிடம் தரப்பட்டிருப்பது ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட். அதில் அவருடைய பெயரும், "சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் சோம்பலை விட்டுப் படியேறிப் பழகட்டும்" என்ற வரியும் மட்டுமே இருக்கின்றன. அதை முதலில் பார்த்தபோது எனக்கும் கோபம் வந்தது. மூலப் பதிவைத் தேடிப் படித்த பிறகுதான் அந்த வரி தான் சொல்வதற்கு நேர் எதிரானதைக் குறிக்கிறது என்பது விளங்கியது.

அந்தப் படத்தை மறுபடி உற்றுப் பாருங்கள். அவருடைய முகப்புப் படத்துக்கு மேலே, வெட்டப்பட்ட விளிம்பை ஒட்டி, மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்று தெரிகிறது. தொடர் பதிவுகளில் முந்தைய பதிவையும் அடுத்ததையும் இணைக்கும் கோடு அது. அதாவது, உங்கள் கையில் இருப்பது ஒரு பேச்சின் நடுப்பகுதி.

அதற்கு மேலே இருந்தது, ஆறு வாரமாக ஓடாத லிஃப்ட்டைப் பற்றி நிர்வாகம் வெளியிட்ட அறிவிப்பு. "படியேறுவது உடலுக்கு நல்லது, அனைவரும் ஒத்துழைக்கவும்" என்று அதில் எழுதியிருந்தார்கள். அதைப் பகிர்ந்து அவர், "ஆகா, நம் உடல்நலத்தில் எவ்வளவு அக்கறை!" என்று தொடங்குகிறார். அடுத்து வருவதுதான் புகாருக்குள்ளான வரி. அறிவிப்பில் உள்ள "அனைவரும்" என்ற சொல்லை அவர் எழுத்துக்கு எழுத்து நம்புவது போலப் பாவித்து, அது எங்கே கொண்டுபோய் விடும் என்று காட்டுகிறார்: படியேறவே இயலாதவரிடமும் படியேறச் சொல்லும் நிலைக்கு. "சோம்பல்" என்ற சொல்லைத் தம் கருத்தாக அவர் சொல்லவில்லை. காரணம் கேட்காமல் எல்லோரையும் ஒரே கோலால் அளக்கும் அந்த அறிவிப்பின் குரலைத்தான் மிகைப்படுத்திக் காட்டுகிறார். குத்து நிர்வாகத்தின் மேல் விழுகிறதே தவிர, நாற்காலியில் வருபவர் மேல் விழவில்லை.

இந்த உத்தி நமக்குப் புதிதன்று. புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார், பீலியும் மாலையும் அணிந்து நெய் பூசி அரணுக்குள் காக்கப்படும் தொண்டைமானின் வேல்களையும், பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் தம் மன்னன் அதியமானின் வேல்களையும் அடுத்தடுத்து வைக்கிறார். வெறும் சொற்களைப் பார்த்தால் தொண்டைமானின் படைக்கலமே சிறந்தது. ஆனால் தூதாகச் சென்ற ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபோது பாடியது என்று பாடலின் அடிக்குறிப்பு சொல்கிறது. அதைப் படித்ததும் பளபளப்பு போர் காணாமையின் அடையாளமாகவும், சிதைவு வீரத்தின் அடையாளமாகவும் மாறிவிடுகின்றன. உங்களிடம் தரப்பட்ட படத்தில் வெட்டப்பட்டிருப்பது அத்தகைய குறிப்புதான்.

கிண்டலாகத்தான் சொன்னேன் என்று பின்னால் எவரும் சொல்லித் தப்பிக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி; அப்படித் தப்பிப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அதனால், இப்போது அவர் தரும் விளக்கத்தை மட்டும் நம்பும்படி நான் கேட்கவில்லை. புகார் எழுவதற்கு முன்பே அவர் எழுதியதைப் பாருங்கள். அந்த வரிக்கு நான்கு நிமிடங்கள் கழித்து அதே தொடரில், "கிண்டலை விட்டுச் சொல்கிறேன், நேற்று நம் தோழர் ஒருவரை நாற்காலியோடு நான்கு பேர் இரண்டாம் மாடிக்குத் தூக்கிப் போனோம். அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்" என்று எழுதியிருக்கிறார். புகார் வந்ததோ ஒன்பது நாட்களுக்குப் பிறகு. அன்றைக்கே வந்த மறுமொழிகளும் லிஃப்ட் எப்போது சரியாகும் என்றுதான் கேட்கின்றன. ஒருவர்கூட அந்த வரியை வசையாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெட்டிய படத்தை மட்டும் பார்த்த ஒரு மாற்றுத்திறனாளித் தோழருக்கு உண்டான வலி உண்மையானது. அந்த வரி கிண்டல் என்று நிறுவுவதால் அந்த வலி தானாக அகன்றுவிடாது. ஆகவே அவரை நேரில் சந்தித்து விளக்கும்படி பதிவிட்டவரைக் கேட்டுக்கொள்வது பொருத்தமாக இருக்கும். ஆனால் விளக்கம் கேட்பது வேறு, இழிவுபடுத்தினார் என்று பதிவேட்டில் எழுதி உறுப்பினர் தகுதியை நிறுத்திவைப்பது வேறு.

முடிவெடுக்கும் முன், மூலப் பதிவின் இணைப்பைப் பெற்று, பகிரப்பட்ட அறிவிப்பையும் மூன்று பதிவுகளையும் மறுமொழிகளையும் நேர வரிசையில் கோப்பில் சேர்க்க வேண்டுகிறேன். படத்தை வெட்டியவர் யார் என்பதை நான் கேட்கவில்லை. வெட்டப்படாத பக்கத்தைக் குழுவினர் அனைவரும் ஒன்றாக அமர்ந்து ஒரு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று மட்டுமே கேட்கிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருவர்